ஒட்டுப்புல்லும் ஒரு நல்ல வார்த்தையும்

பிரபாவதிக்குச் சிவப்பு அம்பு ஒட்டுவதுதான் வேலை. திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் போகும் வழியில் இருக்கிற ஒரு ஷூ கம்பெனியில், தைத்து ஒட்டி முடித்த ஜோடிகள் கடைசியாக வந்து நிற்கும் மேசை அவளுடையது. டியூப் லைட்டுக்கு நேராக ஒரு ஷூவைத் தூக்கிப் பிடிப்பாள். கட்டைவிரலைத் தையல் மேல் ஓட்டுவாள். முனையை அழுத்திப் பார்ப்பாள். இடது கால் நிறமும் வலது கால் நிறமும் ஒன்றா என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். பசை வழிந்திருந்தாலும், நூல் பிசிறியிருந்தாலும், அந்த இடத்தை நோக்கிக் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். குறை இல்லாத ஜோடிக்கு ஸ்டிக்கர் கிடையாது. அது பேச்சில்லாமல் பெட்டிக்குள் போய்விடும்.

பத்து வருடமாக இதே வேலை. அவளுடைய கண் அப்படியே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலில் எந்தக் கால் சாய்ந்திருக்கிறது என்று முதலில் தெரியும். மாதா கோயிலில் பூசை நடக்கும்போது பீடத்துத் துணியின் மடிப்பு ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரியும். இதை அவள் பெருமையாக நினைத்தாளா, பாரமாக நினைத்தாளா என்றால் இரண்டும் இல்லை. மூக்கு இருப்பதுபோல அதுவும் இருந்தது.

அவளுடைய அம்மா சவுரியம்மாள் வீட்டிலும் யாரும் யாரையும் புகழ்ந்ததில்லை. வாய்விட்டுச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார்கள். நன்றாக இல்லாவிட்டால்தான் பேச்சு வரும்.

முப்பத்து மூன்று வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஆரோக்கியராஜ், கோலியனூரில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன். விழுப்புரத்தில் வாடகை வீடு. விடியும்போது அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள், கொஞ்ச நேரம் கழித்து அவன் பைக்கை எடுப்பான். சாயங்காலம் இருவரும் களைத்துத் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை, கறி, தூக்கம். இப்படி இரண்டு வருடம் ஓடியபிறகு, ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"நாம எங்கயுமே போறதில்லங்க. எல்லாரும் எங்கனா போறாங்க, வர்றாங்க."

"எங்க போவணும்?"

"அதையும் நானே சொல்லணுமா?"

மழைக்காலம் முடிந்து, தை பிறந்து சில நாட்கள் ஆனபிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவள் எதிர்பாராத நேரத்தில் அவன் சொன்னான்.

"நாளைக்குப் பூசைக்குப் போய் வந்து ஜல்தியா சமைச்சிடு. மத்தியானம் வெளிய போறோம்."

"எங்க?"

"வா, சொல்றேன்."

மறுநாள் விழுப்புரம் ஸ்டேஷனில் அவன் டிக்கெட் கவுன்ட்டரில் குனிந்து "ஒலக்கூர் ரெண்டு" என்று கேட்டபோது, பின்னால் நின்ற பிரபாவதிக்கு முகம் விழுந்துவிட்டது.

"லீவு நாள்லயும் அதே பக்கமா? ஆறு நாளு அந்த ரோட்டுலதான போய் வர்றேன்?"

டிக்கெட்டை வாங்கிய கை ஒரு நொடி அப்படியே நின்றது. "ரோட்டுல இல்ல, ட்ரெயின்ல போறோம்" என்றான். குரலில் இருந்த சிரிப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

பாசஞ்சர் வண்டியில் கூட்டம் இல்லை. ஒரு காலி இருக்கையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய், இடது பக்க ஜன்னலோரம் அவளை உட்காரச் சொன்னான். "இங்க வெயிலு அடிக்குது" என்றாள் அவள். "கொஞ்ச நேரந்தான்" என்றான். விக்கிரவாண்டி போனது, மயிலம் போனது, திண்டிவனம் போனது. ஒலக்கூருக்குக் கொஞ்சம் முன்னால், கருவேல மரங்கள் விலகின இடத்தில் ஏரி வந்தது. தண்ணீர் தளும்பி நின்றது. நடுவில் பட்டுப்போன மரங்களின் மேல் நாரைகள். வண்டிச் சத்தத்துக்கு ஒரு கூட்டம் எழுந்து, வளைந்து, மறுபடியும் அதே மரத்தில் இறங்கியது.

பிரபாவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இந்த ஏரியை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள் என்றால், நின்றுகொண்டு போகும்போது, யாரோ ஒருத்தியின் தோளுக்கு மேலே, கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிற ஒரு வெளிச்சமாக. இதைப் பற்றி எப்போதோ வீட்டில் சொன்ன நினைவு மங்கலாக வந்தது. திரும்பினாள். ஆரோக்கியராஜ் ஏரியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த டீக்கடையில் டீ குடித்தார்கள். கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டே ஆரோக்கியராஜைக் கூர்ந்து பார்த்தார்.

"போன வாரம் வந்தவருதான நீங்க? ஏரிக்கு எந்தப் பக்கம் வழி, அடுத்த ஞாயித்துக்கெழமயும் கட தொறப்பீங்களா, நெழலு இருக்குமான்னு கேட்டீங்களே. சொன்ன மாதிரியே இட்டாந்துட்டீங்க."

பிரபாவதிக்கு ஒரு பேன்ட் ஞாபகம் வந்தது. போன ஞாயிறு மத்தியானம், கடையில் அவசர வேலை என்று போனவன், முழங்கால் வரை ஒட்டுப்புல் குத்திய பேன்ட்டோடு திரும்பினான். "எங்க உழுந்து பொரண்டு வந்தீங்க? இத யாரு புடுங்குறது?" என்று கத்தியவள் அவள்தான். அவன் இளித்துக்கொண்டு நின்றான்.

இப்போது டீக்கடையில் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. அது என்ன என்று பார்ப்பதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது.

"இதுக்காக ஒரு ஞாயித்துக்கெழமய வீணாக்குனீங்களா?"

கடைக்காரர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஆரோக்கியராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். அதற்கப்புறம் ஏரிக்கரையில் நடந்தார்கள், பனமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள், அவன் பையிலிருந்து வறுத்த மல்லாட்டைக் கடலையை எடுத்துக் கொடுத்தான். எறும்பு ஏறுகிறது என்று அவள் சொன்னாள். எழுந்தார்கள். திண்டிவனம் வந்து பஸ் பிடித்தார்கள். வீட்டுக் கதவைத் திறக்கும்போது அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"இனிமே எங்க போலாம்னு நீயே சொல்லிடு பிரபா. எனக்கு இதெல்லாம் வராது."

கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு வேலையைக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறவனின் குரல் அது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டது அவள். அவன் செய்தான், அதுவும் முன்கூட்டியே போய்ப் பார்த்து, விசாரித்து, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஏரி தெரியும் என்பது வரை யோசித்துச் செய்தான். அதன் மேல் ஒவ்வொரு இடமாக அம்பு ஒட்டினது அவள். இதோடு நின்றுவிட்டால்? இரண்டு வருடத்தில் முதல் தடவை ஒரு கதவு திறந்தது, அவளே சாத்திவிட்டாள். இப்போது சொல்லாவிட்டால் அது அப்படியே இறுகிப்போகும் என்று பட்டது.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் போனில் அடித்தாள். "நேத்து சூப்பரா இருந்துச்சு. தேங்க்ஸ்." பின்னால் இரண்டு கும்பிடும் கைகள். அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீல டிக் வந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது.

சாயங்காலம் வந்தவன், செருப்பைக் கழற்றும்போது கேட்டான்.

"தேங்க்ஸெல்லாம் எதுக்கு? நான் இன்னா வெளியாளா?"

அவன் கேட்டது நியாயம்தான். அந்த ஊரில் தேங்க்ஸ் என்பது பேங்கில் சொல்வது, பஸ்ஸில் இடம் விட்டவரிடம் சொல்வது. வாங்கினதற்குச் சரியாய்ப் போச்சு என்று கணக்கை முடிப்பதுபோல ஒரு சொல். வீட்டுக்குள் அதைச் சொன்னால், நடுவில் ஒரு கவுன்ட்டர் முளைத்துவிடுகிறது. அவன் செய்தது சூப்பரா, எது சூப்பர், ட்ரெயினா, டீயா, மல்லாட்டையா, அந்தச் செய்தியில் எதுவும் இல்லை. பிறந்தநாளுக்கு யாரோ அனுப்பும் பூப்படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

"இல்லங்க, நெஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவள் சரிசெய்யப் பார்த்தாள். "அடுத்த வாட்டி மட்டும் கொஞ்சம் வெயிலு தாழக் கிளம்புனா..."

மறுபடியும் ஒரு அம்பு என்று சொல்லும்போதே தெரிந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பூமாலையிடம் சொன்னாள். பூமாலை தையல் லைனில் உட்காருகிறவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது அவள் மிஷின். அவளுக்கும் பிரபாவதிக்கும் ஒரே வயது, ஒரே பஸ், ஒரே சாப்பாட்டு மேசை.

"அம்பு ஒட்டிட்டியா அந்த ஆளு மேலயும்?" என்று பூமாலை சிரித்தாள். "நெத்தியிலயா, முதுகுலயா?"

"வெளயாடாத பூமால. ராவெல்லாம் தூக்கமே புடிக்கல."

"ஆம்பளைங்க கொழந்த மாதிரி டீ. தூக்கி வச்சிப் பேசு. நாலு பேரு முன்னாடி பேசு. எங்க ஊட்டுக்காரரு மாதிரி உண்டான்னு சொல்லு. அப்பறம் பாரு, ஊட்டியே கூட்டிக்கினு போவான்."

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராதே."

"வராதுன்னா வரவச்சிக்கோ. வாய்க்கு இன்னா வாடகையா?"

வியாழக்கிழமை அவளுக்குக் கம்பெனியில் விடுப்பு கிடைத்தது. சோற்றைக் கட்டிக்கொண்டு கோலியனூருக்குப் பஸ் ஏறினாள். கடையில் பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவே ஆரோக்கியராஜ் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். முதலாளி கோதண்டபாணி ஸ்டூலில் இருந்தார். மோட்டாரை வாங்க வந்த இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். பிரபாவதி பையைக் கீழே வைத்தாள். பூமாலை சொன்னதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவள், மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"அண்ணே, போன வாரம் எங்க ஊட்டுக்காரரு என்னய ஒலக்கூர் கூட்டிக்கினு போனாரு. அவர மாதிரி பிளான் பண்ண யாராலயும் ஆவாது. பிரமாதம்!"

கோதண்டபாணி ஆரோக்கியராஜைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா ராஜு, ஒலக்கூரா? ஊட்டி, கொடைக்கானலெல்லாம் மூடிட்டாங்களா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அண்ணன் டூரு ஏஜென்சி வச்சிடலாம், மோட்டாரு எதுக்கு?" என்றார். ஆரோக்கியராஜின் காது மடல் சிவந்தது. கம்பி எத்தனையாவது சுற்றில் இருந்தது என்பது தவறிப்போய், சுற்றியதைப் பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

சாயங்காலம் வீட்டில் கேட்டான். "எதுக்கு என்னய அப்பிடி ஓட்டுன? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போ. கடையில வந்து பேஜாரு பண்ணாத."

"நான் ஓட்டலங்க!"

"நீ எப்ப என்னத்தப் பிரமாதம்னு சொல்லியிருக்க?"

ஒருநாளும் புகழாதவள் திடீரென்று வானத்துக்குத் தூக்கினால், கேட்கிறவன் கீழே எங்கே பள்ளம் என்றுதான் தேடுவான். தவிர, சொன்னதும் உண்மை இல்லை. அவனைப் போல் யாராலும் முடியாது என்பதா அவள் நினைத்தது? அவள் நினைத்தது வேறு. அது என்ன என்று அவளே இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்காமல், கையில் கிடைத்த சொல்லை அவன்மேல் ஒட்டியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மேசையில் உட்கார்ந்தபோது மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அப்போது பூமாலை மிஷினிலிருந்து ஒரு கட்டு வந்தது. இரண்டு நாள் முன்பு அதே மாடலில் குதிகால் பக்கம் நூல் தளர்ந்திருக்கிறது என்று பிரபாவதி அம்பு ஒட்டித் திருப்பியிருந்தாள். இப்போது குதிகால் சரியாக இருந்தது. ஆனால் முன்பக்க வளைவு போய்விட்டது. முன்பு அந்த வளைவில் தையல் ஒரே சீராக, கோடு போட்டதுபோல ஓடியிருந்தது. இப்போது அது சுருங்கி இழுத்துக்கொண்டு நின்றது. பிரபாவதி ஷூவை எடுத்துக்கொண்டு லைனுக்கே போனாள்.

"இன்னா பூமால இது? முன்னாடி வளைவு எவ்ளோ அழகா வந்துக்கினு இருந்துச்சு. ஏன் மாத்துன?"

"நீதான அம்பு ஒட்டுன? நூலு இறுக்கத்த மாத்திட்டேன். எல்லாமே சேந்து மாறும்ல?"

"நான் குதிகால்ல மட்டுந்தான ஒட்டுனேன்?"

"முன்னாடி நல்லாருக்குன்னு நீ எங்க சொன்ன?" பூமாலை மிஷினை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எது நொட்டைன்னு மட்டும் தெரியுது. எத அப்பிடியே வச்சிக்கணும்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

பிரபாவதி அந்த ஷூவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். சூப்பர்வைசர் பார்க்கிறார் என்று பூமாலை கண்ணைக் காட்டினபிறகுதான் நகர்ந்தாள்.

மேசைக்குத் திரும்பியும் அந்த வார்த்தை விடவில்லை. ஒலக்கூரில் அவள் சொன்னது எல்லாம் எதை விட வேண்டும் என்பதுதான். அந்தப் பக்கம் வேண்டாம், வெயில் வேண்டாம், எறும்பு வேண்டாம், ஒரு நாளை வீணாக்க வேண்டாம். அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சூப்பர் என்றும் பிரமாதம் என்றும் சொன்னது அதைச் சொல்லவில்லை. அவை எந்த இடத்தையும் காட்டாத வெற்று ஸ்டிக்கர்.

அப்படியென்றால் அன்றைக்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது எது? அவள் தேடினாள். நாரைகள் அல்ல. நாரைகள் எப்போதும் அங்கே இருக்கின்றன. அவள் தேடிக் கண்டது வேறு. வேலை முடிந்து சாயங்காலம் பஸ்ஸில் ஏரி தாண்டும்போது, நின்றபடியே குனிந்து பார்த்தாள். மின்னல்போல ஒரு வெளிச்சம். போய்விட்டது.

அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிள்ளிக்கொண்டு போய் அவன் சட்டைப்பையில் ஒட்டிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. அவளுக்கே சிரிப்பும் வந்தது. ஆனால் அந்த அம்பு என்றால் குறை என்று அவனுக்குத் தெரியும். வாயால் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் ஆரோக்கியராஜ் சமையலறைக் குழாயைப் பிரித்துப் போட்டிருந்தான். வாஷர் தேய்ந்துபோய் நாலு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளுக்கு முதுகு காட்டி நின்றான். முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. டீயை மேடையில் வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"போன ஞாயித்துக்கெழமயப் பத்தி ஒன்னு சொல்லணும்."

ஸ்பானர் நின்றது. "இன்னும் இன்னா பாக்கி?"

"திட்டு இல்லங்க."

"அப்போ?"

"ட்ரெயின்ல காலியா இருந்த சீட்ட உட்டுட்டு, எடது பக்கம் ஜன்னலாண்ட என்னய உக்கார வச்சீங்களே. ஏன்னு அப்போ எனக்குத் தெரியல. ஏரி வந்தப்போதான் தெரிஞ்சிது. அங்க பாருன்னு நீங்க சொல்லவே இல்ல. நானா பாக்கட்டும்னு உட்டீங்க. அது எனக்குப் புடிச்சிது."

அவன் திரும்பவில்லை. ஆனால் ஸ்பானரும் நகரவில்லை.

"பஸ்ஸுல போறப்போ ஒரு ஏரி தெரியுது, சரியா பாக்க முடியலன்னு எப்பவோ ஒரு வார்த்த சொன்னேன். சொன்னத நானே மறந்துட்டேன். நீங்க வச்சிக்கினு இருந்திருக்கீங்க."

"மழ பேஞ்சப்போ சொன்ன" என்றான் அவன், குழாயைப் பார்த்து. "தண்ணி நிக்கிதுன்னு."

"அப்பறம் அந்த டீக்கட. போன வாரமே நீங்க வந்து பாத்துட்டுப் போனீங்கன்னு அந்த ஆளு சொன்னதும் எனக்கு இங்க ஒரு மாதிரி ஆயிடுச்சு." நெஞ்சில் கை வைத்தாள், அவன் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்து கையை எடுத்தாள். "எனக்காக ஒருத்தர் முன்னாடியே போய் வழி பாத்து, நெழலு பாத்து, கட தொறந்திருக்குமான்னு கேட்டு வந்தது இதுவரிக்கும் கெடையாதுங்க. எங்க ஊட்டுலயும் கெடையாது. ஒட்டுப்புல்லுக்காக உங்கள அந்தக் கத்து கத்துனேன். அங்க வந்தும் நாள வீணாக்குனீங்களான்னு கேட்டேன். எனக்கு உள்ள இருந்தது அது இல்ல. இதுதான். ட்ரெயின்ல நான் திரும்பிப் பாத்தப்போ, நீங்க என்னய பாத்துக்கினு இருந்தீங்க. அத நெனச்சிக்கினேதான் இந்த வாரம் பூரா இருக்கேன்."

ஆரோக்கியராஜ் மெல்லத் திரும்பினான். அவள் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

"அப்பறம்?"

"அப்பறம்னா?"

"'ஆனா'ன்னு ஒன்னு வருமே."

வந்துகொண்டுதான் இருந்தது. வெயில், எறும்பு, திரும்பும்போது திண்டிவனத்தில் நெடுநேரம் பஸ் இல்லாமல் நின்றது, எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன. அவற்றில் பொய் எதுவும் இல்லை. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம், இதோடு சேர்த்துச் சொன்னால் இது போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வரல" என்றாள்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். நிஜமாகவே வரவில்லை.

"இன்னொரு வாட்டி நீங்களா எங்கனா எடம் பாத்து வச்சிக் கூட்டிக்கினு போனீங்கன்னா வர்றேன். எங்கன்னு கேக்க மாட்டேன். புளிசோறு நான் கட்டிக்கிறேன்."

"கேக்காம உன்னால இருக்க முடியுமா?"

"கஷ்டந்தான்."

அவன் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. "கொழாயத் தொற" என்றான். அவள் திறந்தாள், மூடினாள். இருவரும் குழாய் வாயையே பார்த்தார்கள். ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. பிரபாவதி வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் ஒன்னு வருது" என்று அவனே சொல்லி, ஸ்பானரை மறுபடியும் எடுத்தான். "டீ ஆறிடுச்சு. வேற போடு. உனக்கும் சேத்து."

அவ்வளவுதான் நடந்தது. அவன் அவளை அணைத்துக்கொள்ளவில்லை, அடுத்த வாரம் எங்கே என்று சொல்லவும் இல்லை. படுக்கப் போகும்போது ஏதோ கேட்க வந்ததுபோல நின்றான், "மீட்டரு ரீடிங் எடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பிரபாவதிக்குத் தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. சனிக்கிழமை முழுவதும் அந்த அரிப்பு இருந்தது. மேசையில் பூமாலையின் கட்டு வந்தபோது, ஷூவை எடுத்துக்கொண்டு போய், "இந்த வளைவு. இப்பிடியே வச்சிக்கோ" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். பூமாலை அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா டீ?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆரோக்கியராஜ் பைக் சாவியை எடுத்தான்.

"கட வரிக்கும் போய் வர்றேன். ஒரு மோட்டாரு அவசரம்."

"சரிங்க."

கறி வெந்தது. குழம்பு கொதித்து அடங்கியது. அவள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் மோட்டார் அவசரம் என்பதை நம்பலாமா, கூடாதா? நம்பாமல் இருக்க ஆசைப்படுவது நல்லதா? அப்படி ஆசைப்பட்டு, நிஜமாகவே மோட்டாராக இருந்துவிட்டால்? இரண்டு தடவை போனை எடுத்துக் கீழே வைத்தாள்.

மத்தியானம் சாய்ந்தபிறகு வந்தான். வண்டியை ஸ்டாண்டு போடும்போதே அவள் கண் கீழே போனது. பேன்ட்டின் கீழ்ப்பக்கம் முழுக்க ஒட்டுப்புல். முழங்கால் மடிப்பில் சிவப்பாக மண் காய்ந்திருந்தது. கோலியனூர் கடையில் செம்மண் கிடையாது. அங்கே கிரீஸ்தான் உண்டு.

அவன் அவளைப் பார்த்தான். பேன்ட்டைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். பழைய வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"இன்னா பாக்குற?" என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"ஒன்னுமில்ல. கைகாலு கழுவிக்கினு வாங்க. சோறு போடறேன்."

"மோட்டாரு பெரிய மோட்டாரு. அதான் நேரமாயிடுச்சு."

"ஆமா, இருக்கும்."

அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபிறகு, பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். விரலில் குத்தியது. மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தாள். மயிலம் பக்கத்து மண்ணா, அதைவிடக் கொஞ்சம் கருத்ததா? தையல் ஓரத்தில் ஒட்டியிருந்தது ஏதோ இலைத்துணுக்கு. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என்ன மரம் என்று தெரிந்துவிடும். கை தானாகவே மேலே போனது.

அதைக் கீழே இறக்கி, பேன்ட்டைப் பக்கெட் தண்ணீரில் முக்கினாள். தண்ணீர் சிவந்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய், புளி எவ்வளவு இருக்கிறது என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள்.